வெளியே விட்ட சட்டை

யாராவது "அண்ணே" என்று கூப்பிட்டால் மொரீஸ் சேஷாசலத்துக்கு முதுகில் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல் இருக்கும். அதே சொல்லை வியட்நாமியத்தில் சொன்னால் மட்டும் வலிக்காது. அலுவலகத்துப் பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை "அன் மொரீஸ், அன் மொரீஸ்" என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். அந்த 'அன்'னுக்கும் அண்ணன் என்றுதான் அர்த்தம். அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். தமிழில் வந்தால்தான் ஆகாது.

பிறந்தது காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். அந்தப் புண்ணியத்தில் மகனுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயரும் பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்தன. பதினெட்டு வயதில் பாரிசுக்குப் போனார், வடிவமைப்பு படித்தார், கல்யாணம் பண்ணினார், அது முறிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வியட்நாமில் சைகோனுக்கு வந்து ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் வாரமே யாரோ ஒருவர் அவரை, பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் ரெயூனியன் தீவுக்காரர் என்று நினைத்துக்கொண்டார். இவர் திருத்தவில்லை. பொய் சொன்னதாகவும் ஆகாது, உண்மை சொன்னதாகவும் ஆகாது. இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் மொரீஸ் கெட்டிக்காரர்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் நகரத்தின் பூ மி ஹங் பகுதியில் அவர் குடியிருந்த கட்டடத்தின் மின்தூக்கியில்தான் உடைந்தது. கூட இருந்த பெண் இந்தியாக்காரி என்று தெரிந்தும், ஊரில் இருக்கும் அம்மா கைப்பேசியில் விடாமல் கூப்பிட்டதால் எடுத்துத் தொலைத்தார். "சாப்ட்டேம்மா. மாத்திரையா? போட்டாச்சும்மா" என்று இரண்டே வரிதான் பேசியிருப்பார்.

"காரைக்கால் பக்கமாண்ணே?" என்றாள் அவள், கண் விரிய.

புனிதவதி என்று பெயர். முப்பத்தொரு வயது. பதினோராம் மாடியில் கணவனோடும் ஐந்து வயது மகளோடும் இருந்தாள். அவளுக்கும் காரைக்கால்தான். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஆறு வருடம் உணவுப் பொருள்களுக்கு அட்டைப்பெட்டியும் உறையும் வடிவமைத்தவள். இங்கே வந்த நாலு வருடமாக யாரும் கேட்காமலே வீட்டில் உட்கார்ந்து வடிவமைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கணவன் வேலை பார்த்த கப்பல் சரக்கு நிறுவனம் சைகோன் கிளையை மாதக் கடைசியோடு மூடப்போகிறது. அவளுக்கு இங்கே வேலை கிடைத்து, நிறுவனம் வேலை அனுமதி எடுத்துக் கொடுத்தால் குடும்பம் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஊருக்குத் திரும்பினால் மாமியார் வீட்டு மாடியறை, மறுபடியும் சும்மா உட்காருவது. அதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

மொரீசின் நிறுவனத்தில் உணவு உறைகளுக்கு ஒரு மூத்த வடிவமைப்பாளர் தேவைப்பட்டார். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் கதவைத் தட்டினாள். மடிக்கணினியைத் திறந்து தன் வேலைகளைக் காட்டினாள். மொரீஸ் பார்த்தார். நல்ல வேலை. சொல்லப்போனால் அவர் நிறுவனத்தில் அப்போது இருந்த யாருடைய வேலையையும்விட நல்ல வேலை.

"விண்ணப்பம் போடுங்க. ஆனா ஒண்ணு, நம்ம ரெண்டு பேருக்கும் பழக்கம்னு அங்க யாருக்கும் தெரியக் கூடாது. நேர்காணல் பண்றவங்கள்ல நானும் ஒருத்தன். தெரிஞ்சா உங்களுக்குத்தான் கெடுதல்" என்றார்.

உங்களுக்குத்தான் என்றதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவருக்கே வெளிச்சம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன உடுத்திக்கிட்டு வரட்டும்ணே?" என்பதுதான். அதில் அவளுக்கு உண்மையிலேயே குழப்பம். பேரங்காடியில் வாங்கிய கறுப்புக் கோட்டும் காற்சட்டையும் ஒன்று. அச்சுப் பூப்போட்ட குர்தா ஒன்று. இரண்டையும் சோபாவில் விரித்து வைத்திருந்தாள்.

வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் மொரீஸ் வேறு மனிதராகிவிடுவார். கூச்சம், கள்ளம் எல்லாம் போய்விடும்.

"கறுப்புக் கோட்டு வேணாம். கடன் கேக்க வந்த மாதிரி இருக்கும். எங்க எடத்துல அப்படி வந்தா, இவங்களுக்குச் சொந்தமா ஒரு யோசனையும் கிடையாது போலன்னு நெனைப்பாங்க. அந்தக் குர்தாவும் வேணாம், அது கடைக்காரன் யோசனை, உங்க யோசனை இல்ல. மேல இருக்கறதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் பேசணும். மிச்சமெல்லாம் வாய மூடிக்கிட்டு இருக்கணும்."

"எது பேசணும்?"

"அத நீங்கதான் சொல்லணும். ஆனா எது பேசினாலும் சுத்தமா பேசணும். நூல் பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. பொத்தான் தொங்கக் கூடாது. மூடின செருப்பு, ஓரமெல்லாம் தொடைச்சது. வளையல் சத்தம் வேணாம், படத்தக் காட்டறப்ப மேசையில இடிக்கும். லினன் துணி எடுக்காதீங்க, கார்ல உக்காந்து எழுந்தா கசங்கிப்போயிடும். பாப்ளின் எடுங்க. மோட்டார்சைக்கிள்ல வராதீங்க, மழை பேஞ்சா தொலைஞ்சுது. எங்க முதலாளியம்மா இருக்காங்களே, லான், அவங்க ஆள் உள்ள வந்ததும் முகத்தப் பாக்க மாட்டாங்க. ஓரத்தத்தான் பாப்பாங்க. கையோரம், கழுத்தோரம், காலோரம். 'தன் ஓரத்தப் பாக்காதவ அச்சோட ஓரத்த எங்க பாக்கப் போறா'ன்னு கேப்பாங்க."

புனிதவதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒன்பது நாள் கழித்து அவள் தைத்ததைக் காட்டக் கூப்பிட்டாள். கணவனிடம் இருந்த புதுக் கைலி ஒன்றைப் பிரித்து இடுப்பளவுக்கு ஒரு கையில்லாத மேற்சட்டை தைத்திருந்தாள். சாதாரணக் கட்டம் போட்ட கைலிதான், ஊரில் ஆண்கள் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவது. ஆனால் அவள் வெட்டிய விதத்தில் நடுவில் இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் கட்டங்கள் ஒரு நூலிழை பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்தின. பையின் கட்டம் அடியில் இருந்த கட்டத்தோடு கலந்து, பை இருப்பதே தெரியவில்லை. உள்பக்கத்தைத் திருப்பினார். தையல் ஓரமெல்லாம் பட்டி வைத்து மூடியிருந்தது. பிசிறு என்று ஒன்று இல்லை.

"இதுக்கு உள்ள வெள்ளைப் பாப்ளின் சட்ட. தையக்காரர்கிட்ட அளவு கொடுத்திருக்கேன். கீழ கருநீலக் காச்சட்டை. போதுமாண்ணே?"

"போதும். இதப் போட்டுக்கிட்டு வந்து நீங்க வாயே தொறக்கலன்னாலும் வேல கெடைக்கும்" என்றார் மொரீஸ். மனசாரத்தான் சொன்னார். அன்றைக்கு 'அண்ணே' கூட அவ்வளவாகக் குத்தவில்லை.

நேர்காணல் அன்று காலை ஏழரைக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். அவர் தன் மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனார். அவள் வாடகைக் காருக்காகக் காத்திருந்தாள். தலைமுடியை வழித்துப் பின்னால் முடிச்சிட்டிருந்தாள். செருப்பு பளிச்சென்று இருந்தது. படங்கள் வைத்த தட்டைப் பை தோளில். மொரீஸ் ஒரு அடி தள்ளி நின்று மேலும் கீழும் பார்த்தார். ஏதோ இடித்தது.

"சட்டையை ஏன் உள்ள விட்டிருக்கீங்க?"

"உள்ள விட்டாத்தான் நல்லதுண்ணே…"

"இல்ல, இல்ல. மேல இருக்கறது குட்டையா இருக்கு. அதுக்குக் கீழ வெள்ளை ஒரு நாலு விரல் தெரிஞ்சாத்தான் அந்தக் கட்டத்துக்கு ஒரு சட்டம் போட்ட மாதிரி இருக்கும். உள்ள விட்டா வங்கியில கவுண்டர்ல உக்காந்திருக்கற பொண்ணு மாதிரி இருக்கு. கீழ் ஓரத்தத் தையக்காரரு நேராத்தான வெட்டியிருக்காரு? அப்ப அது வெளிய விடற சட்டைதான். எடுத்து வெளிய விடுங்க."

"இல்லண்ணே, அதுல வந்து…" என்று அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கார் வந்துவிட்டது. பின்னால் வேறு கார் ஒலிப்பானை அழுத்தியது. "நான் சொல்றதக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மொரீஸ் நகர்ந்தார். யாரிடமும் யோசனை கேட்டுத் திருத்திக்கொள்ளாதவருக்கு அடுத்தவரைத் திருத்துவதில் அப்படி ஒரு அவசரம்.

நிறுவனம் கான் ஹொய்யில் ஒரு பழைய துறைமுகக் கிடங்குக்குள் இருந்தது. செங்கல் சுவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே கண்ணாடி அறைகள் கட்டியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அந்தக் கண்ணாடி அறை ஒன்றில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் லான், ஐம்பத்தைந்து வயது, நிறுவனத்தைத் தொடங்கியவர். இடப்பக்கம் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மின் என்பவர். வலப்பக்கம் மொரீஸ். ஆளுக்கொரு படிவம் கொடுத்திருந்தார்கள். 'இந்த விண்ணப்பதாரர் எனக்குத் தனிப்பட்ட முறையில் அறிமுகமானவர் அல்ல' என்ற வரிக்குக் கீழே மொரீஸ் கையெழுத்துப் போட்டார். பேனா நன்றாகவே எழுதியது.

புனிதவதி உள்ளே வந்தாள். சட்டை வெளியே இருந்தது. மொரீஸ் சொன்னது சரிதான். கட்டத்துக்குக் கீழே தெரிந்த வெள்ளை எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தது. லானின் பார்வை நேராக மேற்சட்டையின் நடுவில் போய் நின்றது.

"இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான் தைத்தேன். எங்கள் ஊரில் ஆண்கள் இடுப்பில் கட்டும் துணி."

லான் எழுந்து வந்து பையின் ஓரத்தைத் தொட்டே பார்த்தார். "கட்டம் சேர்ந்திருக்கிறது" என்று மின்னிடம் வியட்நாமியத்தில் சொன்னார். லானிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்க அந்த அலுவலகத்தில் மாதக்கணக்கில் உழைத்தவர்கள் உண்டு. மொரீசுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது.

பிறகு அவள் படங்களைச் சுவரில் குத்திக் காட்ட எழுந்தாள். முதல் படத்தை வைக்கக் கையைத் தூக்கினாள். சட்டையும் கூடவே மேலே ஏறி, கடைசிப் பொத்தானுக்குக் கீழே முன்மடிப்பு விலகியது. இடப்பக்கக் கீழ்மூலையில், வெள்ளையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள்.

மொரீஸ் அதைப் பார்த்த அந்த நொடியே அது என்ன என்று தெரிந்துகொண்டார். புதுத்துணி. மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்தக் கூடாது. அவள் அம்மா கைப்பேசித் திரையில் வந்து சொல்லியிருப்பார், இவளும் குழைத்த மஞ்சளை விரலால் தொட்டு, யாருக்கும் தெரியாத மூலையாகப் பார்த்து, உள்பக்கமாக வைத்திருப்பாள். காற்சட்டைக்குள் போய்விடும் மூலைதானே. ஈரம் ஊறி வெளிப்பக்கத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒரு மகாராசன் வந்து, வெளியே எடுத்து விடு என்று சொன்னான்.

லானும் பார்த்தார். அவர் பார்ப்பதைப் புனிதவதியும் பார்த்தாள். சட்டென்று கையை இறக்கி ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் மொரீசின் பக்கம் திரும்பி ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் பதற்றம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. முகம் தெளிந்து, மீதி நாற்பது நிமிடமும் அவள் நன்றாகவே பேசினாள். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று மொரீசுக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் மதியம் மூவரும் மறுபடி கூடினார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒன்று புனிதவதி. இன்னொருவன் தாநாங்கிலிருந்து வந்த ஒரு பையன், வேலை சுமார், ஆனால் எல்லாம் ஒழுங்கு.

"எனக்கு அந்தப் பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது" என்றார் லான். "ஆனால் அந்தக் கறை என்னை உறுத்துகிறது. சட்டை புதிது, மடிப்புக்கூடப் போகவில்லை. வெள்ளையில் மஞ்சள். காலையில் கண்ணாடி பார்க்காமலா வந்திருப்பாள்? சோறு சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்த மாதிரி இருந்தது. நமக்கு வருவதெல்லாம் உணவு உறை. அச்சுக்குப் போகும் கடைசித் தாளை இவள் ஒருத்திதான் பார்ப்பாள். அதில் ஒரு புள்ளி தப்பினால் இரண்டு லட்சம் உறை குப்பைக்குப் போகும்."

மின் தோளைக் குலுக்கினார். "மேற்சட்டையை அவ்வளவு சுத்தமாகத் தைத்தவள் இதை எப்படி விட்டாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கவனக்குறைவு மாதிரித் தெரியவில்லையே."

"அதுதான் எனக்கும்" என்ற லான், மொரீசைப் பார்த்தார். "நீங்கள் பல ஊர் பார்த்தவர். ரெயூனியனில் இந்தியர்கள் இருக்கிறார்களே. அந்தக் கறைக்கு ஏதாவது அர்த்தம் இருக்குமா? எனக்கு ஒரு காரணம் கொடுங்கள், போதும். இவளையே எடுத்துக்கொள்கிறேன்."

கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று கூப்பிட்டதற்குச் சமம் அது. ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அது கறை இல்லை, மஞ்சள், புதுத்துணிக்கு வைக்கிற வழக்கம், எங்கள் அம்மாவும் வைப்பார்.' பத்து நொடிகூட ஆகாது.

மொரீசுக்கோ அந்தப் பத்து நொடியில் வேறொரு சட்டை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பாரிசில் முதல் வேலை, முதல் நாள். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய வெள்ளைச் சட்டை, காலருக்குள்ளே மஞ்சள். வியர்வையில் இறங்கி மதியத்துக்குள் வெளியே தெரிந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரன், காலையிலேயே கறியா என்று கேட்டான். எட்டுப் பேர் சிரித்தார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கழிப்பறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை, சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறியது. அன்று முழுக்கக் கோட்டைக் கழற்றாமல் வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அம்மா அனுப்பிய எந்தத் துணியையும் அவர் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை.

இப்போது வாயைத் திறந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நீங்கள் ரெயூனியன் இல்லையா என்பார்கள். அப்புறம், அவளை முன்பே தெரியுமா என்று வரும். நேற்றுப் போட்ட கையெழுத்து மேசையிலேயே கிடந்தது. அவளைப் பற்றி யோசித்ததைவிட அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் யோசித்தார். சொல்லாமல் விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு என்று பட்டது.

"எனக்குத் தெரிந்து அப்படி எதுவும் இல்லை" என்றார் மொரீஸ். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "வேலை நன்றாக இருக்கிறது. ஆனால் கவனம் கொஞ்சம் போதாது என்றுதான் எனக்கும் பட்டது."

லான் பெருமூச்சு விட்டார். தாநாங் பையனின் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான், முடிந்தது.

இரண்டு நாள் மொரீஸ் மின்தூக்கியைத் தவிர்த்துப் படியிலேயே ஏறி இறங்கினார். ஒன்பதாவது மாடிவரை நாற்பத்தேழு வயதில் படியேறுவதைத் தண்டனை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாரோ என்னவோ. மூன்றாம் நாள் மாலை அவர் வீட்டு வாசலிலேயே அவள் நின்றிருந்தாள். கண்ணோரம் சிவந்திருந்தது. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கெடைக்கலண்ணே."

"கேள்விப்பட்டேன். எனக்கு ரொம்ப வருத்தம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"எதனாலண்ணே?"

மொரீஸ் இதற்குத் தயாராகத்தான் இருந்தார். படியேறும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். "அந்த மேச்சட்டைதான். எனக்குப் புடிச்சுது. அவங்களுக்குக் கொஞ்சம் நாட்டுப்புறமா பட்டுருச்சு. எல்லாருக்கும் புரியாதுல்ல."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "மஞ்சளப் பத்தி யாரும் எதுவும் சொல்லலயா?"

"எந்த மஞ்சள்?"

"சட்டையில வெச்சிருந்தேனே. அம்மா மஞ்சள் வைக்காமப் போட்டுக்காதடின்னு சொல்லிட்டாங்க. உள்ள விடற மூலைதானன்னு வெச்சேன். அன்னைக்குக் காலையில உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க கேக்கல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வெளிய எடுத்து விட்டேன். படம் மாட்டறப்ப அந்தம்மா பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஒரு நிமிஷம் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் உங்களப் பாத்தேன். அண்ணன் உக்காந்திருக்காரு, யாராவது கேட்டா அவரு சொல்லுவாருன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் பயமே போயிடுச்சு."

நேர்காணலில் அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று மொரீசுக்கு இப்போது புரிந்தது. புரிந்தும் அந்த மனுசன் சொன்னதைப் பாருங்கள்.

"யாரும் கேக்கலம்மா. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

புனிதவதி கைப்பேசியை எடுத்தாள். ஒரு கடிதத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். ஏன் கிடைக்கவில்லை என்று அவள் எழுதிக் கேட்டிருக்கிறாள். மற்ற நிறுவனங்கள் மாதிரி இரண்டு வரியில் தட்டிக் கழிக்காமல் லான் தன் கையாலேயே பதில் எழுதியிருந்தார். ஒளிவு மறைவு தெரியாத பெண்மணி. உங்கள் மேற்சட்டை நான் இந்த வருடம் பார்த்த மிக நல்ல கைவேலை என்று எழுதியிருந்தார். உங்களைத்தான் எடுக்க விரும்பினேன், சட்டையில் இருந்த கறைதான் தடுத்தது என்று எழுதியிருந்தார். 'அதற்கு ஏதேனும் பொருள் உண்டா என்று குழுவில் கேட்டும் பார்த்தேன். எங்களில் யாருக்கும் தெரியவில்லை.'

கடைசி வரியை மொரீஸ் இரண்டு முறை படித்தார். நிமிர முடியவில்லை. கைப்பேசியின் திரை தானாக அணைந்தது. அதில் அவர் முகம்தான் தெரிந்தது.

"புனிதா, அது வந்து…"

அவள் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. அழவும் இல்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், கூட்டத்தில் தெரிந்தவர் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தால் வேறு யாரோ என்று தெரிந்ததுபோல.

"குட் ஈவினிங், மிஸ்டர் மொரீஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அவள் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. ஆங்கிலத்தில் காலை வணக்கம், ஆங்கிலத்தில் மாலை வணக்கம். மொரீஸ் பன்னிரண்டு வருடமாக ஆசைப்பட்டதும் இதுதான். கிடைத்த பிறகு அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஒருநாள் லானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவர் அறைவரை போனார். லான் நிமிர்ந்து, "என்ன?" என்றார். ஒரு அச்சுத்தாளைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. மொரீஸ் கீழே போக மின்தூக்கிக்குக் காத்திருந்தார். கதவு திறந்தது. உள்ளே புனிதவதி, அவள் கணவன், மகள், நாலு பெட்டிகள். இனி பின்வாங்க முடியாது. ஏறிக்கொண்டார். கணவன் ஒன்றும் தெரியாததுபோல் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி ஒன்றின் மேல் அந்தக் கட்டம் போட்ட மேற்சட்டை கிடந்தது. கைப்பிடிக்கு மெத்தையாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

குழந்தைக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மாமா, நாங்க ஊருக்குப் போறோம்! நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டது.

மொரீஸ் வாயைத் திறந்தார். கோட்டுச்சேரித் தமிழில், ஐந்து வயதுக் குழந்தைக்குப் பதில் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்?

அதற்குள் புனிதவதி குனிந்து மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவர்கிட்ட இங்கிலீஷ்ல கேளும்மா" என்றாள். "அவருக்குத் தமிழ் தெரியாது."